மாதம் 25,000 கட்டலாம் என்றால் எவ்வளவு கடன் எடுக்கலாம்?

*ஐயா, உப்புவெளியில் வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். மூன்றாவது அறை கட்டக் கடன் கேட்டேன். வருடம் 18 சதவீதம், குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 48 மாதம் என்றார்கள். சீசனில் செலவு போக வருடத்துக்கு மூன்று இலட்சம் மிஞ்சும், ஆகவே மாதம் 25,000 கட்டலாம் என்று நினைக்கிறோம். ஓ.எல். படிக்கும் மகள் பாடப்புத்தக முறைப்படி 877,514 ரூபாய் எடுக்கலாம் என்கிறாள். வங்கிக் கம்பியூட்டர் 851,063 என்கிறது. யார் பிழை? அந்தக் கம்பியூட்டர் போடும் சூத்திரம் எங்கிருந்து வருகிறது?*
— ஒரு தாய், உப்புவெளி

அன்புச் சகோதரிக்கு,

வங்கி சொன்னது சரி. மகள் போட்டதிலும் கூட்டல் பெருக்கல் பிழை இல்லை. அவள் வேறொரு விதமாகக் கட்டும் கடனுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அது எப்படி என்று காட்டுவதற்கு முன், சூத்திரத்தை அடியிலிருந்து கட்டிப் பார்த்துவிடுவோம். நிதியியற் புத்தகம் ஒன்றும் தேவையில்லை. ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

48 மாதத்தை ஒரு பக்கம் வையுங்கள். மூன்றே மாதக் கடன் என்று எடுப்போம். வருடம் 18 சதவீதம் என்றால் மாதத்துக்கு ஒன்றரை, அதாவது 0.015. நீங்கள் மூன்று மாத முடிவுகளிலும் தலா 25,000 தருவதாக வங்கிக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். அந்த மூன்று வாக்குறுதிகளுக்கும் வங்கி இன்று எவ்வளவு காசு தரலாம்?

முதல் வாக்குறுதியைத் தனியே பாருங்கள். வங்கி இன்று ஒரு தொகையைத் தந்தால், ஒரு மாதம் கழிய அது 1.015 மடங்காகி 25,000 ஆக நிற்க வேண்டும். ஆகவே இன்று தரக்கூடியது 25,000ஐ 1.015ஆல் பிரித்தது, அதாவது 24,630.54 ரூபாய். இதைத்தான் கணக்கியலில் தற்போதைய பெறுமதி என்கிறோம். இரண்டாவது 25,000 இரண்டு மாதம் தள்ளி வருகிறது. அதை 1.015ஆல் இரண்டு தரம் பிரித்தால் 24,266.54. மூன்றாவதை மூன்று தரம் பிரித்தால் 23,907.92. தசமத்தை வெட்டாமல் மூன்றையும் கூட்டினால் 72,805 ரூபாயும் ஒரு சதமும் வரும். மூன்று மாதம் 25,000 கட்டுகிறவருக்குத் தரக்கூடிய கடன் அதுதான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் கடனை நடத்திப் பாருங்கள். 72,805.01க்கு முதல் மாத வட்டி 1,092.08. அதைச் சேர்த்து 25,000ஐக் கழித்தால் மீதி 48,897.09. அதற்கு வட்டி 733.46, மீண்டும் 25,000 கழிந்தால் 24,630.55. கடைசி மாத வட்டி 369.46. சேர்த்தால் 25,000.01. மூன்றாவது தவணையோடு கடன் முடிந்தது. மிஞ்சிய அந்த ஒரு சதம் நாம் சதத்துக்கு முழுமையாக்கியதால் வந்தது. இடையில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? இரண்டு தவணை கட்டிய பின் நின்ற மீதி 24,630. மேலே முதல் வாக்குறுதியின் பெறுமதியாக வந்த அதே எண். ஒரு மாதம் தள்ளி வரும் ஒரே ஒரு தவணை மிச்சம் இருக்கும்போது, கடன் மீதி அந்தத் தவணையின் பெறுமதிதான். எந்தத் தேதியில் பார்த்தாலும், கடன் மீதி என்பது இனிக் கட்டவிருக்கும் தவணைகளின் அன்றைய பெறுமதி. இதைப் பின்னால் ஒரு இடத்தில் பயன்படுத்துவேன்.

இனி 48 மாதம். 48 தரம் தனித்தனியே பிரித்துக் கூட்டலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாலை ஆகிவிடும். சூத்திரம் வந்தது இந்தச் சோம்பலில்தான். கடனை P என்றும், தவணையை A என்றும், மாத வட்டியை i என்றும், மாதங்களை n என்றும் வைப்போம். 1ஐ (1+i)ஆல் பிரித்தது v.

```
P      = A·v + A·v² + A·v³ + ... + A·vⁿ
P(1+i) = A   + A·v  + A·v² + ... + A·vⁿ⁻¹
```

இரண்டாவது வரி முதல் வரியை (1+i)ஆல் பெருக்கியது. ஒவ்வொரு உறுப்பும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழியுங்கள். நடுவில் உள்ள எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்விடும். இடது பக்கம் P·i மிஞ்சும், வலது பக்கம் முதல் A யும் கடைசி A·vⁿ உம் மட்டும் மிஞ்சும்.

```
P·i = A − A·vⁿ

P = A × (1 − vⁿ) / i
A = P × i / (1 − vⁿ)
```

மேலே உள்ள P சூத்திரம் உங்கள் கேள்விக்கு: தவணை தெரியும், கடன் தெரியாது. கீழே உள்ள A சூத்திரம் வங்கி வழக்கமாகப் போடுவது: கடன் தெரியும், தவணை தெரியாது. ஒன்றை மற்றொன்றாகத் திருப்பியதுதான், இரண்டு சூத்திரம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மகள் பெருக்கல் விருத்தி படித்திருந்தால் இந்தக் கழித்தலைக் கண்டவுடனே பிடித்துக்கொள்வாள்.

நடுவில் வந்த P·i = A − A·vⁿ என்ற வரியை ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதில்தான் விருப்பம். P·i என்பது முதல் மாத வட்டி. அப்படியானால் A·vⁿ என்பது முதல் தவணையில் வட்டி போக முதலுக்குப் போகும் பங்கு. அது கடைசித் தவணையின் இன்றைய பெறுமதிக்குச் சமம். நான்கு வருடம் தள்ளி வரப்போகும் அந்தக் கடைசி 25,000, முதல் மாதம் கடன் எவ்வளவு குறையும் என்பதை இன்றே தீர்மானித்துவிடுகிறது.

உங்கள் எண்களைப் போடுவோம். 1.015ஐ 48 தரம் பெருக்க வேண்டியதில்லை. மூன்று தரம் பெருக்கினால் 1.045678. அதை அதாலேயே பெருக்கினால் ஆறு மாதத்துக்குரியது, 1.093443. மீண்டும் அப்படியே 12க்கு 1.195618, 24க்கு 1.429503, 48க்கு 2.043478. சாதாரணக் கல்குலேட்டரில் அரை நிமிட வேலை. தசமத்தை மட்டும் வெட்டாதீர்கள். 2.04 என்று நிறுத்தினால் கடன் தொகையில் ஏறத்தாழ 1,400 ரூபாய் பிசகும்.

1ஐ 2.043478ஆல் பிரித்தால் 0.489362. அதை 1இலிருந்து கழித்தால் 0.510638. அதை 0.015ஆல் பிரித்தால் 34.04255. இதுதான் காரணி. மாதம் ஒரு ரூபாய் கட்டுகிறவருக்கு 34 ரூபாய் 4 சதம் கடன் கிடைக்கும் என்பது இதன் பொருள். 25,000ஆல் பெருக்கினால் 851,063.84. வங்கி சொன்ன எண் வந்துவிட்டது. கம்பியூட்டரில் பார்ப்பதானால் எக்செலில் இவ்வளவுதான்:

```
=PV(0.18/12, 48, -25000)
=PMT(0.18/12, 48, -851063.84)
```

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் கடன் மேசையில் இந்தக் காரணிகள் அச்சிட்ட ஒரு புத்தகம் கிடக்கும். ஓரம் எல்லாம் எண்ணெய் பிடித்து, சில பக்கம் தனியே கழன்றிருக்கும். ஒரு நாள் 48ஆம் வரிக்குப் பதில் 60ஆம் வரியைப் பார்த்து ஒருவருக்குத் தொகை சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய் மேசனிடம் பேசியும் விட்டார். மறுநாள் கூப்பிட்டுத் தொகையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தொகை வந்தவுடன் ஒரு சோதனை செய்வேன்: கடனை மாத வட்டியால் பெருக்கிப் பார்ப்பது, அதைத் தவணையிலிருந்து கழிப்பது, வருவது A·vⁿ தானா என்று பார்ப்பது. உங்களுக்கு 851,063.84 × 0.015 = 12,765.96. 25,000இலிருந்து கழித்தால் 12,234.04. 25,000 × 0.489362 உம் அதுதான். அன்று அந்தச் சோதனையைச் செய்திருந்தால் மேசன் வரை போயிருக்காது.

இனி மகளின் கணக்குக்கு வருகிறேன். சாதாரண தரத்தில் சொல்லித் தருவது மாத அலகு முறை. கடனை 48 சம பங்காக்கி, ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு முதல் கழிகிறது என்று வைத்து, 48 + 47 + ... + 1 மாத அலகுகளுக்கு வட்டி கண்டு, மொத்த வட்டியையும் கடனையும் கூட்டி 48ஆல் பிரிப்பார்கள். அவளுடைய 877,514 ரூபாயில் ஒரு பங்கு 18,281.54. முதல் மாத வட்டி 13,162.71. அந்த முறைக்கு உண்மையில் ஒத்துப்போகிறபடி கட்டுவதானால், முதல் மாதம் 31,444.25 கட்ட வேண்டும். பிறகு மாதாமாதம் குறைந்துகொண்டு போய், கடைசி மாதம் 18,555.76இல் முடியும். அப்படிக் கட்டினால் அவளுடைய வட்டிக் கணக்கு சதம் பிசகாமல் சரி. முதலையும் கடைசியையும் கூட்டி இரண்டால் பிரித்துப் பாருங்கள், 25,000.

பிசகு அந்தச் சராசரியில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் மாதம் 31,444 கட்டுகிறவருக்குரிய வட்டியைக் கணக்கிட்டுவிட்டு, முதல் மாதம் 25,000 மட்டும் கட்டும்படி சொல்கிறது. ஆரம்பத்தில் 6,444 குறைவாகக் கட்டி, முடிவில் 6,444 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். மொத்தம் ஒன்றுதான், தேதிதான் வேறு. பின்னால் வரும் காசுக்கு இன்றைய பெறுமதி குறைவு என்பதை மேலே பார்த்தோம். அந்தக் குறைவுதான் 877,514க்கும் 851,064க்கும் இடையில் உள்ள 26,450. நிஜத்தில் 877,514 எடுத்து மாதம் 25,000 கட்டினால் முதல் மாதம் முதலுக்குப் போவது 18,281 அல்ல, 11,837 மட்டுமே. 48ஆவது தவணையும் கட்டி முடித்த அன்று வங்கிப் புத்தகத்தில் இன்னும் 54,050 ரூபாய் நிற்கும். அது அந்த 26,450தான், 48 மாத வட்டியோடு 2.043478 மடங்காக வளர்ந்து வந்து நிற்கிறது.

பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பரீட்சையில் மாத அலகு முறையைத்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் புள்ளி. கல்குலேட்டர் இல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை செய்யக்கூடியபடி எளிதாக்கிய முறை அது. குறுகிய தவணைக்கு வித்தியாசமும் சின்னதாகவே இருக்கும். தவணை நீளவும் வட்டி கூடவும் பிசகு வளரும்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். அது உங்கள் 25,000. வருடத்து மூன்று இலட்சத்தை 12ஆல் பிரித்து அந்த எண்ணைப் பெற்றிருக்கிறீர்கள். மகளின் சராசரியில் நடந்த அதே விஷயம் இங்கேயும் நடக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் ஆட்கள் வருவார்கள். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்துவிட்டால், மார்கழியில் உங்கள் இரண்டு அறையிலும் ஈரத் துணி காயப்போடத்தான் முடியும். வங்கி சமமான மாதத் தவணை கேட்கிறது. உங்கள் வரவு சமமாக இல்லை.

சீசன் ஆறு மாதமும் மாதம் 50,000 மிஞ்சுகிறது, மற்ற ஆறு மாதமும் ஒன்றும் இல்லை என்று வைப்போம். கடனைப் பங்குனிக் கடைசியில் எடுத்தால் முதல் தவணை ஏப்ரல் முடிவில். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை மாதம் 25,000 கட்டி, 25,000ஐ வேறொரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினால் மழைக்கால ஆறு தவணைக்கும் அது போதும். அதே கடனைச் செப்டெம்பர் கடைசியில் எடுத்தால் முதல் ஆறு தவணைக்கும், அதாவது 150,000 ரூபாய்க்கு, கைக்காசு எங்கிருந்து வரும்? வட்டியும் தொகையும் மாறவில்லை. கடன் எடுத்த மாதம் மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. விவசாயம், மீன்பிடி, சுற்றுலா போன்ற பருவ வருமானத்துக்குத் தவணையை ஏற்றி இறக்கித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். சீசனில் மாதம் 40,000, மழைக்காலத்தில் மாதம் 10,000 என்று வைத்தால் வருடத்துக்கு அதே மூன்று இலட்சம்தான். நாம் சூத்திரத்தை வாக்குறுதி வாக்குறுதியாகக் கட்டியதால் இதற்கும் விலை சொல்லலாம். 48 மாதமும் 10,000 கட்டுவதற்கு 340,426. அதற்கு மேல் ஒவ்வொரு சீசன் மாதமும் 30,000 என்பதைத் தனியாக அதனதன் தேதியிலிருந்து இன்றைக்குக் கொண்டுவந்து கூட்டினால் 533,431. சேர்த்து 873,857. சமத் தவணையைவிட 22,793 கூட, ஏனென்றால் பங்குனிக் கடைசியில் எடுத்த கடனுக்குப் பெரிய தவணைகள் ஆறும் முன்னால் வந்து நிற்கின்றன. செப்டெம்பர் கடைசியில் எடுத்தால் அதே 40,000க்கும் 10,000க்கும் 828,271தான் கிடைக்கும். வங்கியில் யாராவது "மொத்தம் ஒன்றுதானே" என்று சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

"தொகை பத்தாதென்றால் தவணையை நீட்டலாம்" என்றும் சொல்லுவார்கள். நீட்டலாம். 25,000க்கே 60 மாதமானால் 984,507. 84 மாதமானால் 1,189,466. பத்து வருடமானால் 1,387,461. 48ஐ இரண்டரை மடங்காக்கினாலும் கடன் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. n கூடக் கூட vⁿ பூச்சியத்தை நோக்கிப் போகும், ஆகவே P எக்காலத்திலும் A/i ஐத் தாண்டாது. 25,000ஐ 0.015ஆல் பிரித்தால் 1,666,667. அந்தத் தொகையை எடுத்தால் மாதம் 25,000 வட்டிக்கே சரியாகப் போய்விடும். பேரப்பிள்ளைகள் வந்து கட்டினாலும் முதலில் ஒரு ரூபாய் குறையாது. மூன்றாவது அறைக்காக ஐந்து வருடத்தைத் தாண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடற்கரைப் பக்கத்து அறைக்கு ஐந்து வருடத்துக்குள் கதவு நிலையும் குளியலறைப் பைப்பும் உப்புக்காற்றில் அரித்து, திருத்தச் செலவு வந்துவிடும்.

மீதி இருப்பது வட்டி மாறுமா என்ற கேள்வி. ஒப்பந்தத்தில் 18 சதவீதம் 48 மாதத்துக்கும் நிலையானதா, மாறும் வட்டியா என்று எழுத்தில் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்திருந்தவர்கள் அந்த வருடம் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உங்களுக்கு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். கடன் மீதி என்பது இனி வரும் தவணைகளின் பெறுமதி என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒரு வருடம் கட்டி முடிந்ததும் மிச்சம் 36 தவணை. 1.5 சதவீதத்தில் 36 மாதக் காரணி 27.66068, ஆகவே அன்றைய மீதி 691,517. அன்று வட்டி வருடம் 24க்கு, அதாவது மாதம் இரண்டுக்கு ஏறினால் 36 மாதக் காரணி 25.48884 ஆகிவிடும். மீதியை அதால் பிரித்தால் புதுத் தவணை 27,130.

இந்த 27,130க்காகத்தான் நான் உங்களுக்கு 851,000 கேட்க வேண்டாம் என்கிறேன். மூன்று இலட்சத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் தவணையாக்கினால் வட்டி ஏறும் நாளில் எடுக்க எதுவும் இருக்காது. 22,000 ரூபாயிலிருந்து தொடங்குங்கள். 22,000 × 34.04255 = 748,936. முழுமையாக்கி 750,000 கேட்டால் தவணை 22,031.25. ஒரு வருடம் கழித்து வட்டி 24க்கு ஏறினாலும் அது 23,908 ஆகும், உங்கள் 25,000க்குள் அடங்கும். மேசன் தரும் மதிப்பீடு அதற்கு மேல் போனால் ஓட்டுக் கூரையா கொங்கிறீற் தட்டா என்று அவரோடு பேரம் பேசுங்கள், வங்கியோடு அல்ல. ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் கடனிலிருந்து வெட்டித் தருவார்களா, தனியே கேட்பார்களா என்பதையும் விசாரியுங்கள். வெட்டித் தந்தால் தவணை முழு 750,000க்குத்தான், கைக்கு வருவதற்கு அல்ல.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தவணை அட்டவணையை அச்செடுத்துத் தரும்படி கேளுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும். வட்டி 11,250, முதல் 10,781.25, மீதி 739,218.75 என்று இருந்தால் நாம் கட்டிய சூத்திரம்தான். 31 நாள் மாதத்தில் வட்டி 11,465.75 என்று இருந்தால் பிழை என்று சண்டைக்குப் போகாதீர்கள், வட்டியை 365 நாள் கணக்கில் போடுகிறார்கள். வட்டி 11,250 ஆக இருந்தும் தவணை 22,031க்கு மேலே போயிருந்தால், அந்த மிச்சம் எதற்கு என்று கவுண்டரில் கேளுங்கள்.